ஒரு வால் போய் இன்னொரு வால்

சோஃபியா நகரத்தில் வழி கேட்கிறீர்கள். 'நப்ராவோ' என்கிறார் போலீஸ்காரர். உங்களுக்கு ரஷ்யன் தெரியும் என்றால் 'ஓஹோ, வலது பக்கம்' என்று திரும்பி யாரோ வீட்டுக் கொல்லைக்குள் போய் நிற்பீர்கள். பல்கேரியனில் நப்ராவோ என்றால் நேரே! 'ஸ்தோல்' என்றால் ரஷ்யனில் மேஜை, பல்கேரியனில் நாற்காலி. 'கொரா' என்றால் அங்கே மலை, இங்கே காடு. 'பூல்கா' என்றால் ரஷ்யாவில் பேக்கரி பன், பல்கேரியாவில் கல்யாணப் பெண். (கடைசி ஜோடியை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.)

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. அகராதியைப் புரட்டினால் தீர்ந்துவிடும். இரண்டும் ஸ்லாவ் குடும்பம். இரண்டும் சிரிலிக் எழுத்து. அந்த எழுத்தே பல்கேரியாவில் பிறந்து ரஷ்யாவுக்குப் போனதுதான். அதனால் 'ரஷ்யன் தெரிந்தவனுக்குப் பல்கேரியன் ஒரு வாரத்து வேலை' என்று சிலர் நினைப்பதுண்டு. மொழிபெயர்க்க உட்கார்ந்தால்தான் சமாசாரம் தெரியும். சிக்கல் வார்த்தையில் இல்லை, அதன் வாலில் இருக்கிறது.

வால் என்றால் வேற்றுமை உருபு. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று எட்டாம் கிளாஸில் ராகம் போட்டு ஒப்பித்தோமே, அதே ஆசாமிதான். 'ராமன் ராவணனைக் கொன்றான்' என்றாலும், 'ராவணனை ராமன் கொன்றான்' என்றாலும் செத்தது ராவணன்தான். அந்த 'ஐ' இருக்கும்வரை வார்த்தைகளை எப்படிக் குலுக்கிப் போட்டாலும் கதை மாறாது. ரஷ்யனும் இந்தக் கட்சி. அதில் ஆறு வேற்றுமை.

பல்கேரியனிலும் ஒரு காலத்தில் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய பல்கேரியனில் வேற்றுமைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. நடுவில் சில நூற்றாண்டுகளில் பெயர்ச்சொற்களிலிருந்து அவை உதிர்ந்தே போயின. 'அவனை, அவனுக்கு' போன்ற பிரதிப் பெயர்களில் மட்டும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, வால் போனால் யார் யாரைக் கொன்றார் என்று எப்படித் தெரியும்? ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். ரஷ்யனில் 'ஸ்துதென்தா ஸ்பரஸீல் பிரஃபேஸர்' என்கிறார்கள். 'மாணவனைக் கேட்டார் புரொஃபசர்.' 'ஸ்துதென்த்' என்ற சொல்லின் கடைசியில் வரும் 'ஆ' நம் 'ஐ' மாதிரி. அதனால் மாணவன் முன்னால் நின்றாலும் கேள்வி அவனுக்குத்தான்.

இதை வார்த்தைக்கு வார்த்தை பல்கேரியனாக்கினால் 'ஸ்துதென்த் பொபீதா ப்ரொஃபெஸொர்' என்று வரும். பொபீதா என்றால் கேட்டார். உருபு இல்லாததால், முதலில் நிற்பவன்தான் எழுவாய் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆக, மாணவன் புரொஃபசரைக் கேள்வி கேட்டுவிட்டான்! வைவாவில் இப்படி நடந்தால் நமக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால், இதுவே ஒரு போலீஸ் வாக்குமூலமாக இருந்து, வினைச்சொல் 'அடித்தார்' என்று இருந்தால்? ஜெயிலுக்குப் போகிற ஆள் மாறிவிடுவார்.

தப்பிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, புரொஃபசரை முன்னால் கொண்டுவந்து வரிசையைத் திருப்பிப் போடலாம். ரஷ்ய வாக்கியம் மாணவனைப் பற்றி ஆரம்பித்தது. அந்த அழுத்தம் இதில் போய்விடும். இன்னொன்று, பல்கேரியர்களே தினமும் பேச்சில் செய்வது. மாணவனை முன்னாலேயே நிற்க வைத்து, பக்கத்தில் 'கொ' என்று ஒரு குட்டி வார்த்தையைச் செருகுகிறார்கள். கொ என்றால் 'அவனை'. அதாவது, 'மாணவன், அவனைக் கேட்டார் புரொஃபசர்.' நம்ம ஊரிலும் 'அந்தப் பையன் இருக்கானே, அவனை வாத்தியார் பின்னிட்டார்' என்கிறோமல்லவா, அந்த டெக்னிக். ரஷ்யனில் இது தேவையே இல்லை. ரஷ்யப் பழக்கத்தில் மொழிபெயர்ப்பவர் முதலில் மறப்பதும் இதைத்தான்.

அடுத்த தலைவலி 'நா' என்ற முன்னொட்டுச் சொல். உதிர்ந்த உருபுகளில் இரண்டின் வேலையை இது ஒண்டியாளாகப் பார்க்கிறது. 'இவானுக்கு' என்பதும் 'நா இவான்', 'இவானுடைய' என்பதும் 'நா இவான்'. 'தாதோஹ் க்னீகாதா நா இவான்' என்றால் புத்தகத்தை இவானுக்குக் கொடுத்தேனா, இவானின் புத்தகத்தை வேறு யாருக்கோ தள்ளிவிட்டேனா? இரண்டும் அர்த்தம்தான். ரஷ்யனில் 'இவானா' என்றால் இவானுடைய, 'இவானு' என்றால் இவானுக்கு. ஓர் எழுத்தில் விவகாரம் முடிந்துவிடுகிறது.

'இவானின் புத்தகத்தைப் பீட்டருக்குக் கொடுத்தேன்' என்ற ரஷ்ய வாக்கியத்தை அப்படியே மாற்றினால் 'நா இவான் நா பீட்டர்' என்று இரண்டு 'நா' ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொள்ளும். கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் பெட்டியைக் கழற்றி விடுகிறார். பீட்டரை முன்னால் தள்ளி, 'கொடுத்தேன் பீட்டருக்கு, இவானின் புத்தகத்தை' என்று எழுதுவார். ஒரு பல்கேரிய மொழிபெயர்ப்பில் நா, நா, நா என்று மூன்று நாலு பெட்டி தொடர்ச்சியாக வந்தால், மூலம் ரஷ்யனோ என்று சந்தேகப்படலாம்.

இதுவரை போன வாலின் கதை. இனி, புதிதாய் முளைத்த வால்.

இங்கிலீஷில் 'தி' இருக்கிறதே, அது ரஷ்யனிலும் இல்லை, தமிழிலும் இல்லை. பல்கேரியனில் உண்டு. ஆனால் முன்னால் வராது, சொல்லின் பின்னால் பசைபோட்டு ஒட்டிக்கொள்ளும். 'க்னீகா' என்றால் ஏதோ ஒரு புத்தகம்; 'க்னீகா-தா' என்றால் அந்தப் புத்தகம். 'தெதே' குழந்தை; 'தெதே-தோ' அந்தக் குழந்தை. முன்னால் 'புதிய' என்று ஓர் அடைமொழி வந்தால் வால் அதற்குத் தாவிவிடும்: 'நோவா-தா க்னீகா.' ஸ்லாவ் மொழிகளில் பல்கேரியனும் அதன் பக்கத்து வீட்டு மாசிடோனியனும்தான் இப்படி. ஸ்லாவ் அல்லாத அண்டை வீட்டுக்காரர்களான ருமேனியனும் அல்பேனியனும்கூட 'தி'யைப் பின்னால்தான் ஒட்டுகின்றன. பால்கன் பகுதியின் தண்ணி அப்படி.

ரஷ்யனிலிருந்து வருகிறவருக்கு இங்கேதான் நிஜமான சங்கடம். மூலத்தில் இல்லாத ஒன்றை அவர் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் தீர்மானித்தாக வேண்டும். ஒட்டுவதா, விடுவதா?

செகாவின் பிரபலமான கதையை எடுத்துக்கொள்வோம். 1899-ல் வந்தது. ரஷ்யத் தலைப்பு 'தாமா ஸ் ஸபாச்கய்'. மூன்றே வார்த்தை: சீமாட்டி, உடன், நாய்க்குட்டி. அந்த 'ஒரு'வும் கிடையாது, 'அந்த'வும் கிடையாது. இதே மூன்று வார்த்தை கதைக்குள்ளேயும் வருகிறது. யால்டா கடற்கரையில் யாரோ ஒரு புதுமுகம் வந்திருக்கிறாள், நாய்க்குட்டியோடு ஒரு சீமாட்டி என்று ஊரில் பேச்சு. இது முதல் தடவை. பிறகு, அவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாததால் அதையே அவளுக்குப் பட்டப்பெயராக வைத்து அழைக்கிறார்கள். இது இரண்டாம் தடவை.

செகாவ் மூன்று இடத்திலும் அதே வார்த்தைகளைப் போட்டுவிட்டு நிம்மதியாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பல்கேரிய மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொகுசு கிடையாது. வதந்தியாக வரும்போது அவள் யாரோ. அங்கே வால் கூடாது: 'தாமா ஸ் கூச்சென்த்ஸெ'. ஒட்டினால் 'அந்தச் சீமாட்டி' என்று ஆகி, படிப்பவன் 'எந்தச் சீமாட்டி?' என்று முந்தின பக்கத்தைத் தேடுவான். பட்டப்பெயரான பிறகு அவள் ஊர் அறிந்தவள். அங்கே வால் வேண்டும்.

தலைப்பில்? பல்கேரியர்கள் இந்தக் கதையை 'தாமா-தா ஸ் கூச்சென்த்ஸெ-தோ' என்ற பெயரில் படிக்கிறார்கள். 'அந்தச் சீமாட்டி, அந்த நாய்க்குட்டியோடு.' சீமாட்டிக்கு ஒரு வால், நாய்க்குட்டிக்கு (ஏற்கெனவே இருப்பது போக) இன்னொரு வால். ரஷ்யத் தலைப்பில் நாய்க்குட்டியின் கடைசியில் இருந்த 'ஒய்' என்ற வேற்றுமை உருபு காணாமல் போய், அந்த இடத்தில் 'தோ' உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மொழிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைப்புக்குள் அடங்கிவிட்டது. எல்லாத் தலைப்புக்கும் இப்படி ஒட்டிவிடுவார்களா என்றால், அதுவும் இல்லை. தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' பல்கேரியனிலும் வாலில்லாமல்தான் இருக்கிறது. அது ஏதோ ஒரு குறிப்பிட்ட குற்றம் மட்டுமில்லை, குற்றம் என்கிற சங்கதியே என்பதால்.

தமிழுக்கு 'தி' இல்லையே, நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? 'நேத்து பொண்ணு பார்த்தேன்' என்றால் பஜ்ஜி, சொஜ்ஜி சமாசாரம். 'நேத்து பொண்ணைப் பார்த்தேன்' என்றால் குறிப்பிட்ட ஆள். பஸ் ஸ்டாப்பாக இருக்கலாம். அந்த 'ஐ' பாதி 'தி' வேலை பார்க்கிறது. ரஷ்யன் வரிசையை மாற்றிச் சமாளிக்கும். 'அறைக்குள் வந்தான் மனிதன்' என்று கடைசியில் வைத்தால் யாரோ ஒருவன். 'மனிதன் வந்தான் அறைக்குள்' என்று முதலில் வைத்தால் நமக்குத் தெரிந்தவன். அதனால் மொழிபெயர்ப்பாளர் ரஷ்ய வாக்கியத்தில் சொல் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் வாலை ஒட்டுகிறார். பல்கேரியனிலிருந்து ரஷ்யனுக்குப் போகிறவர் வாலைப் பார்த்து வரிசையை மாற்றுகிறார்.

கடைசியாக ஒரு கொசுறு உபத்திரவம். ஆண்பால் ஒருமையில் இந்த வாலுக்கு முழுசு, அரை என்று இரண்டு சைஸ். வாக்கியத்தின் எழுவாய்க்கு முழு வால்: 'ஸ்துதென்த்-அத்'. மற்றபடி அரை வால்: 'ஸ்துதென்த்-அ'. பேச்சில் பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. எழுத்தில் தப்பினால் மார்க் போய்விடும். அதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு குறுக்கு வழி சொல்லித் தருகிறார்கள்: அந்த இடத்தில் 'அவன்' என்று போட்டுப் பார், பொருந்தினால் முழுசு, 'அவனை' பொருந்தினால் அரை. கவனித்தீர்களா? வேற்றுமையை வாசல் வழியாகத் துரத்தினார்கள், அது ஜன்னல் வழியாகப் பேனாவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ரஷ்யன் தெரிந்தவர், 'எங்களுக்கு இது ஜுஜுபி, முதல் வேற்றுமை வந்தால் முழு வால்' என்று மார் தட்டலாம். அவரும் மாட்டுவார். 'வாத்தியார் இல்லை' என்பதில் வாத்தியாருக்கு ரஷ்யனில் 'உடைய' உருபு, தமிழில் எழுவாய். பல்கேரியனிலோ 'உச்சீதெல்-ய கொ ந்யாமா'. 'வாத்தியாரை, அவரைக் காணோம்' என்கிற மாதிரி. ஆகவே அரை வால்!

இத்தனை உருபையும் உதறிவிட்ட பல்கேரியன் ஒன்றை மட்டும் விடவில்லை. நம் எட்டாவது, விளி வேற்றுமை. இவானைக் கூப்பிட்டால் 'இவானே!', அம்மாவைக் கூப்பிட்டால் 'மாமோ!'. ஆறு வேற்றுமையைக் கட்டிக் காக்கும் ரஷ்யன், 'கடவுளே' மாதிரி ஒன்றிரண்டு தவிர, இதைத் தொலைத்துவிட்டது. யார் யாரை, யாருக்கு என்பதையெல்லாம் குட்டி வார்த்தைகளை வைத்துச் சமாளிக்கலாம் என்று பல்கேரியர்கள் முடிவு செய்திருக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிடுகிற விஷயத்தில் மட்டும் ரிஸ்க் எடுக்கவில்லை!