அழித்தால் அழியுமா?

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தருகே, தேநீர்க் கடை ஒன்றில் அண்மையில் ஒரு தோழரைச் சந்தித்தோம். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைத்தவர். வளைகுடா நாடொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. முகம் மலர்ந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் மிரட்சியோடு இருந்தார். ஏன்?

“அண்ணே, 2012லேருந்து முகநூல்ல எழுதியிருக்கேன். எவனெவனையோ ஏசியிருக்கேன். அம்புட்டையும் இன்னைக்கு ராத்திரியே அழிச்சிடணும்ணே” என்றார்.

அவருடைய அச்சம் வீண் அச்சம் அன்று. பழைய எழுத்து பாம்பைப் போல் புற்றுக்குள் கிடக்கும். எப்போது படமெடுக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. முகமது சுபைர் என்ற பத்திரிகையாளர் 2018இல் இட்ட ஒரு பதிவுக்காக 2022 ஜூன் 27ஆம் நாள் டெல்லிப் போலீசாரால் கைது செய்யப்பட்டார். அந்தப் பதிவில் இருந்தது என்ன? 1983இல் வெளியான இந்திப் படத்தின் ஒரு காட்சி! நான்காண்டு உறங்கிய பதிவு, ஆள்வோர் விரும்பிய நாளில் எழுந்து வந்து சாட்சிக் கூண்டில் நின்றது. ஆகவே, பழையதைத் திரும்பிப் பார்ப்பதும், வேண்டாததைக் களைவதும் கோழைத்தனம் அல்ல. வயலில் களை பறிப்பவனைக் கோழை என்று யார் சொல்வார்கள்?

ஆனால் களை பறிப்பது வேறு. வயலுக்கே தீ வைப்பது வேறு! தோழர் செய்யப் புறப்பட்டது இரண்டாவது காரியம். அழித்தால் எது அழியும், எது அழியாது என்பதை அறியாமலே அழிக்கப் புறப்பட்டார்.

முதலில் அழியாததைப் பற்றிப் பேசுவோம். அதற்குச் சான்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2018 மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள். திரிபுராவில் லெனின் சிலை வீழ்த்தப்பட்டதைச் சுட்டி, தமிழகத்தில் நாளை பெரியார் சிலை என்று பாரதிய ஜனதாவின் எச். ராஜா கணக்கில் ஒரு பதிவு வந்தது. தமிழகம் கொதித்தது. பதிவு நீக்கப்பட்டது. “நான் போடவில்லை, அட்மின் போட்டுவிட்டார்” என்று விளக்கமும் வந்தது. நீக்கியதால் நீங்கியதா? இல்லை. வழக்கு நடந்தது. 2024 டிசம்பர் 2ஆம் நாள் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்காக அத்தண்டனை அப்போதே நிறுத்திவைக்கப்பட்டது என்பது வேறு செய்தி. நாம் பார்க்க வேண்டியது, பதிவை நீக்கியதும் பழியை அட்மின் தலையில் போட்டதும் அவரைக் காக்கவில்லை என்பதைத்தான்.

இன்னொன்று. அதே ஆண்டு ஏப்ரலில், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை நடிகர் எஸ்.வி. சேகர் தம் முகநூலில் பகிர்ந்தார். எதிர்ப்பு எழுந்தது, சில மணி நேரத்தில் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு என்ற கருத்தையும் சொன்னது. உச்ச நீதிமன்றமும் கை கொடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சில மணி நேரமே இருந்த பதிவு, ஏழாண்டு விரட்டி வந்தது!

எப்படி? நீங்கள் அழிப்பது உங்கள் கணக்கில் இருப்பதை மட்டுமே. பார்த்தவன் அதற்குள் திரையைப் படமெடுத்திருந்தால், அந்தப் படம் அவன் கைப்பேசியில் இருக்கிறது. அதற்குரிய சான்றிதழோடு அவன் நீதிமன்றத்தில் வைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். அனுப்பியதை எல்லோருக்கும் நீக்க ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் வேறு குழுவுக்குப் போனது போனதுதான்.

இனி, எது அழியும்? இங்கேதான் தோழருக்கு நேரவிருந்த இழப்பு.

அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். ஏச்சுப் பதிவுகள் இருந்தன, உண்மை. ஆனால் அவற்றுக்கிடையே 2017 செப்டம்பர் இருந்தது! பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும், நீட் என்ற சுவர் தடுத்ததால், உச்ச நீதிமன்றம் வரை போராடி, செப்டம்பர் 1ஆம் நாள் உயிரை இழந்த அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவுக்காக, அந்த நாட்களில் இவர் எடுத்த படங்கள், எழுதிய வரிகள், யார் யார் வந்தார்கள், எந்தத் தெருவில் கூடினார்கள் என்ற குறிப்புகள். எந்தப் பெரிய பத்திரிகையும் பதிக்காத வரலாறு அது. ஒரே இரவில் எல்லாவற்றையும் துடைத்தால், ஏசப்பட்டவனிடம் ஏச்சின் படம் இருக்கும். அனிதாவுக்காக அழுத கண்ணீரின் சான்று எவரிடமும் இராது. பகைவனுக்கு வேண்டியது மிஞ்சும். நமக்கு வேண்டியது மாயும். இதுவா தற்காப்பு?

“அப்ப என்னதான் செய்யணும்?” என்று கேட்டார். உட்கார்ந்து சொன்னோம்; உங்களுக்கும் சொல்கிறோம்.

முதல் வேலை அழிப்பதல்ல, படி எடுப்பது. முகநூல் அமைப்புகளில் உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. கேட்ட உடனே வராது. தயாரானதும் அறிவிப்பு வரும். வந்த கோப்பைத் திறந்து படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்து, கைப்பேசியில் மட்டும் வைக்காமல் பென் டிரைவ் ஒன்றிலும் வையுங்கள். இதை முடிக்காமல் ஒரு பதிவிலும் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது வேலை, பிரிப்பது. Activity log என்ற பகுதியில் ஆண்டுவாரியாகப் பதிவுகளைப் பொறுக்கலாம்; பலவற்றை ஒன்றாகக் குறித்து இரண்டில் ஒன்று செய்யலாம். Archive என்பதை அழுத்தினால் பதிவு ஊர் கண்ணுக்கு மறையும், உங்கள் கண்ணுக்கு இருக்கும். Trash என்பதை அழுத்தினால் 30 நாள் கிடந்து பிறகு போகும். அதற்குள் மனம் மாறினால் மீட்கலாம். தோழரின் 2017ஆம் ஆண்டை முதல் வகையில் வைத்தோம். ஏச்சுகளை இரண்டாவது வகையில் தள்ளினோம்.

மூன்றாவதுதான் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். உங்கள் சுவரைச் சுத்தம் செய்தால், பிறர் பதிவுகளின் கீழ் நீங்கள் எழுதிய பின்னூட்டங்கள் போய்விடா. அவை அதே Activity log பகுதியில் Comments என்ற தனித் தலைப்பில் இருக்கின்றன. தோழர் தம் சுவரில் எழுதியதைவிட அடுத்தவன் சுவரில் சண்டையிட்டதே அதிகம்! தம் பக்கம் வெறுமையானதைக் கண்டு எல்லாம் போயிற்று என்று நம்பி விமானம் ஏறியிருப்பார். சண்டைகள் அத்தனையும் ஊரார் பார்க்க அப்படியே நின்றிருக்கும். முடித்தபின், உங்கள் கணக்கு நுழையாத வேறொரு கைப்பேசியில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். அதுதான் சோதனை.

எக்சு தளத்தில் எழுதும் தோழர்களுக்கு ஒரு சொல். மொத்தமாக அழிக்கும் பொத்தான் அங்கே இல்லை. அதனால் வெளியார் கருவிகளை நாடுகிறார்கள். அவை பெரும்பாலும் அண்மைய 3,200 பதிவுகளையே காண முடியும். பழையவற்றைத் தொட, தளத்திடம் கேட்டுப் பெறும் உங்கள் காப்பகக் கோப்பு வேண்டும். அக்கருவிக்கு உங்கள் கணக்கின் சாவியையே கொடுக்கிறீர்கள் என்பதை மறவாதீர்கள். வேலை முடிந்த அன்றே அமைப்புகளுக்குச் சென்று அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். கடவுச்சொல்லை எழுதித் தா என்று கேட்கும் கடைக்காரரிடம் தராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்று. புகார் வந்துவிட்டது, அழைப்பாணை வந்துவிட்டது என்றால், ஒரு வரியையும் தொடாதீர்கள். வழக்கறிஞரிடம் ஓடுங்கள். நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்படாமல் தடுக்க மின்னணு ஆவணத்தை அழிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் தனிக் குற்றம். எழுதிய குற்றச்சாட்டிலிருந்து விடுபடுபவர்கூட, அழித்த குற்றச்சாட்டில் மாட்டிக்கொள்ளலாம். வழக்கு வருமுன் களை பறிக்கலாம். வந்தபின் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

இறுதியாக ஒன்று. தோழரின் பழைய பதிவுகளில் ஓர் ஏச்சு, எதிர்க்கட்சிப் பெண் ஒருவரைப் பற்றியது. அரசியல் இல்லை அதில், அழுக்குதான் இருந்தது. சேகர் செய்ததைக் கண்டித்த நாம், நம் தோழன் செய்ததைச் சந்தடியின்றித் துடைத்துவிட்டுப் போகலாமா? நியாயம் இருவருக்கும் ஒன்றுதானே! அழியுங்கள், ஆனால் முதலில் அது தவறு என்று எழுதுங்கள் என்றோம். தயங்கினார். பிறகு நான்கு வரி எழுதினார்.

நாம் யார் வழி வந்தவர்கள்? ‘ஆரிய மாயை’ எழுதியதற்காக 1950இல் அண்ணா மீது தண்டனை பாய்ந்தபோது, அச்சகத்தான் போட்டுவிட்டான் என்றா சொன்னார்? அபராதம் கட்ட மறுத்துச் சிறை ஏகினார். எழுதியதற்குப் பொறுப்பேற்கும் துணிவே எழுத்துக்கு மதிப்பு. நிற்க வேண்டிய எழுத்துக்காக நிற்போம். நீக்க வேண்டியதைத் தவறென்று சொல்லி நீக்குவோம்.

தோழர் விமானம் ஏறிவிட்டார். அவருடைய 2017 செப்டம்பர், பென் டிரைவ் ஒன்றில், குன்னம் பக்கத்துக் கிராமத்தில் அவர் அன்னையின் அஞ்சறைப் பெட்டிக்கருகே பத்திரமாக இருக்கிறது.