மூலையில் மறைந்த இலவசம்

தையல் பள்ளி நடத்தும் என் சின்ன நாத்தனார், யூடியூப் வகுப்புக்கு முகப்புப் படம் போட்டாள். கத்தரி, ஊசி, நூல்கண்டு, மெஷின் என்று ஏழு சின்னப் படங்கள்! அவள் முகமோ கடுகு. 'இலவசம்' என்ற வார்த்தை வலது கீழ் மூலையில். அங்கேதானே, அம்மணிகளே, வீடியோவின் நேரம் காட்டும் கறுப்புக் கட்டம் வந்து உட்காரும்? இலவசம் என்பதே யாருக்கும் தெரியவில்லை!

கத்தரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். முகத்தைப் படத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெரிதாக்கினோம். 'ரவிக்கை வகுப்பு இலவசம்' என்று மூன்றே வார்த்தை, இடது மேல் பக்கம், கருநீலத்தில் மஞ்சளாக. பிறகு கைபேசியில் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மாமியாரிடம் நீட்டினோம்.

கண்ணாடி போடாமலே படித்துவிட்டு, "இலவசமா? பள்ளிக்கூட வாடகையை யார் கொடுப்பதாம்?" என்றார்.