குரூப் சாட் படத்தை மொழிபெயர்க்கும் முன் பட்டியல் போடுங்கள்

சிவகாசியில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என மூன்று தொழில்களுக்கும் வடமாநிலங்களில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஆர்டர் தபாலிலும் தொலைபேசியிலும் வரும். இப்போது பெரும்பாலும் வாட்ஸ் அப் குரூப்பில் வருகிறது. அதுவும் நேராக வருவதில்லை. வாடிக்கையாளர் தன் கடை ஆட்களுடன் ஒரு குரூப்பில் பேசுகிறார். அதில் இருக்கும் ஏஜென்ட் தன் மொபைல் திரையை ஸ்கிரீன் ஷாட் எடுத்து, "இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நமக்கு அனுப்பிவிடுகிறார். பேச்சு இந்தியில் இருக்கும், எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும்.

இதைப் பெறும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? படத்தை அப்படியே மொழிபெயர்க்கும் ஏதாவது ஒரு வசதியில் போட்டு, வருகிற தமிழை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. குரூப் சாட்டில் பாதி அர்த்தம் வார்த்தைகளில் இருக்கிறது. மீதிப் பாதி, யார், எப்போது, எதற்குப் பதிலாகச் சொன்னார் என்பதில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியை முதலில் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளாமல் மொழிபெயர்ப்பைத் தொடவே கூடாது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் அமர்ந்திருக்கிறீர்கள். 2024 தீபாவளி அக்டோபர் 31-ல் முடிந்து, காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் நேரம். நவம்பர் 6-ம் தேதி காலை ஏஜென்டிடம் இருந்து ஒரு படம் வருகிறது. அதன் நடுவில் Yesterday என்று ஒரு சிறு பட்டை. அதன் கீழே மூன்று செய்திகள். பிறகு Today என்று இன்னொரு பட்டை. அதன் கீழே மேலும் மூன்று. மொத்தம் ஆறே செய்திகள்தான்.

வேர்டிலோ எக்ஸெலிலோ ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு டேபிள் போடுங்கள். வரிசை எண், தேதியும் நேரமும், பேசியவர், மூல வாசகம், தமிழ் ஆகியவையே அந்த ஐந்து. எக்ஸெல் என்றால் தேதிக் கட்டத்தை முதலிலேயே Text என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் 5/11 என்று அடித்ததை அது தன் இஷ்டப்படி நவம்பர் 5 என்றோ மே 11 என்றோ மாற்றிக்கொள்ளும். தமிழ்க் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

முதலில் பேசியவர் யார் என்று பார்ப்போம். வாட்ஸ் அப் குரூப்பில் வலது பக்கம் இருக்கும் செய்திகளுக்குப் பெயர் இருக்காது. அவை அந்த மொபைலின் சொந்தக்காரர் அனுப்பியவை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தினமும் தங்கள் மொபைலைப் பார்த்துப் பழகியதால், வலது பக்கம் என்றாலே "நாம் சொன்னது" என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இந்தப் படம் எடுக்கப்பட்டது ஏஜென்டின் மொபைலில். ஆகவே வலது பக்கம் இருப்பதெல்லாம் ஏஜென்ட் சொன்னது. இடது பக்கச் செய்திகளுக்குப் பெயர் இருக்கும். ஆனால் ஒருவரே தொடர்ந்து இரண்டு மூன்று செய்திகள் அனுப்பினால் முதல் செய்தியில் மட்டுமே பெயர் வரும். பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் பெயரை மறுபடி எழுதிவிடுங்கள். படத்தின் உச்சியில் முதல் செய்தியே பெயரில்லாமல் இடது பக்கம் ஆரம்பித்தால், யாரென்று ஊகிக்க வேண்டாம். "பெயர் படத்தில் இல்லை" என்று எழுதி, அதற்கு முந்தைய திரையையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தேதி. Today, Yesterday என்ற சொற்கள் படம் எடுத்த நாளை வைத்துச் சொல்லப்படுபவை. நாளைக்கு இதே படத்தைப் பார்த்தால் Today என்பது பொய்யாகிவிடும். எனவே பட்டியலில் உண்மையான தேதியை எழுத வேண்டும். படம் எடுத்த தேதி எப்படித் தெரியும்? பல ஆண்ட்ராய்டு மொபைல்களில் ஸ்கிரீன் ஷாட் பைலின் பெயரிலேயே தேதி இருக்கும். ஆனால் அதை வாட்ஸ் அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் பெயர் மாறி, உங்கள் மொபைலில் IMG-20241106-WA0004.jpg என்பது போல வந்து சேரும். அதில் இருக்கும் தேதி, படம் எடுத்த தேதி அல்ல, வாட்ஸ் அப்பில் வந்த தேதி. ஏஜென்ட் படத்தை எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து அனுப்பியிருந்தால் உங்கள் கணக்கு இரண்டு நாள் தவறிவிடும். எனவே படத்தை Document ஆக அனுப்பச் சொல்லுங்கள், பழைய பைல் பெயர் அப்படியே வரும். அல்லது ஒரு போன் போட்டு, "எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். நம் உதாரணத்தில் அன்று காலையே எடுத்தது என்று ஏஜென்ட் சொல்கிறார். ஆக, Yesterday நவம்பர் 5, Today நவம்பர் 6.

மூன்றாவது, மிக முக்கியமானது, மேற்கோள் பெட்டி. ஒரு பழைய செய்தியைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொன்னால், அந்தப் பழைய செய்தி சிறு பெட்டியாகப் புதிய செய்திக்குள் தோன்றும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதிகள் இந்தப் பெட்டியைத் தனிச் செய்தியாக எடுத்துக்கொள்வதுண்டு. அப்போது நேற்றுச் சொன்னதை ஒருவர் இன்றைக்கும் திரும்பச் சொன்னது போல ஆகிவிடும். பட்டியலில் அதற்குத் தனி வரிசை எண் கொடுக்காதீர்கள். "2-க்குப் பதில்" என்று மூலக் கட்டத்தில் குறித்தால் போதும்.

இப்போது நம் பட்டியலில் தமிழையும் சேர்த்துப் பார்ப்போம்.

1. நவம்பர் 5, இரவு 8.52. கடை முதலாளி: "தோ ஹசார் யா டாய் ஹசார்?" தமிழில்: 2000-ஆ, 2500-ஆ?

2. நவம்பர் 5, இரவு 8.55. ஏஜென்ட்: "டாய் ஹசார் கா ரேட் கம் படேகா." தமிழில்: 2500 என்றால் ரேட் குறையும்.

3. நவம்பர் 5, இரவு 8.58. கணக்கர்: "அட்வான்ஸ் கல் பேஜ் தியா." தமிழில்: அட்வான்ஸ் நேற்று (நவம்பர் 4) அனுப்பிவிட்டேன்.

4. நவம்பர் 6, காலை 9.10. கடை முதலாளி, 2-க்குப் பதில்: "டீக் ஹை." தமிழில்: சரி.

5. நவம்பர் 6, காலை 9.12. கடை முதலாளி: "லால் ரங் தோடா கம் கரோ." தமிழில்: சிவப்பு நிறத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

6. நவம்பர் 6, காலை 9.15. கணக்கர்: "பாக்கி கல்." தமிழில்: பாக்கி நாளை (நவம்பர் 7) அல்லது நேற்று (நவம்பர் 5). கேட்க வேண்டும்.

நான்காவது வரியைப் பாருங்கள். மேற்கோள் பெட்டி தொலைந்துபோனால் "சரி" என்பது அதற்கு நேர் மேலே உள்ள அட்வான்ஸ் செய்திக்கான பதில் ஆகிவிடும். எண்ணிக்கை பற்றி முதலாளி ஒன்றுமே சொல்லவில்லை என்று நீங்கள் 2000 மட்டும் ஓட்டுவீர்கள். பெட்டியைக் கவனித்தால் அவர் 2500 ரேட்டுக்குச் சரி சொல்கிறார் என்று தெரிகிறது. 500 காலண்டர் வித்தியாசம் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கிறது. அதே சமயம், "2500 போடுங்கள்" என்று தமிழில் எழுதிவிடவும் கூடாது. அவர் சொன்னது "சரி" மட்டுமே. நீங்கள் புரிந்துகொண்டதை அவர் வாயில் போடாமல், பட்டியலுக்குக் கீழே "2500 உறுதிதானா என்று கேட்கவும்" என்று தனியாக எழுதுங்கள்.

மூன்றாவது, ஆறாவது வரிகளில் "கல்" என்ற சொல் இருக்கிறது. இந்தியில் நேற்றைக்கும் கல், நாளைக்கும் கல்தான். "பர்சோ" என்பதும் இப்படியே, முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் ஒரே சொல். எது என்று வினைச்சொல்தான் சொல்லும். மூன்றாவது வரியில் "பேஜ் தியா", அதாவது அனுப்பிவிட்டேன் என்று முடிந்துபோன வினை இருப்பதால் நேற்று என்பது உறுதி. அதுவும் நவம்பர் 5-ம் தேதி இரவு சொன்ன "நேற்று" என்பதால் நவம்பர் 4. பேங்க் கணக்கில் நவம்பர் 5-ஐ மட்டும் பார்த்துவிட்டு, பணம் வரவில்லை என்று சண்டைக்குப் போகக் கூடாது. ஆறாவது வரியில் வினையே இல்லை. வேலை முடியாதபோது பாக்கி நாளைதான் வரும் என்று தோன்றும். ஆனாலும் எழுதியவரைத் தவிர யாரும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டையும் எழுதிக் கேட்டுவிடுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு.

படத்திலேயே மொழிமாற்றும் வசதியில் இன்னொரு தொல்லை, பெயர்களும் சேர்ந்து மாறிவிடலாம். சூரஜ் என்று சேமித்த பெயர் சூரியன் என்றும், ஆஷா என்பது நம்பிக்கை என்றும் வந்தால் யார் பேசினார் என்பதே போய்விடும். பெயர்க் கட்டத்தை மொழிபெயர்ப்புக்குக் கொடுக்காதீர்கள்.

"படம் எதற்கு? சாட்டையே டெக்ஸ்ட் பைலாக வாங்கிக்கொள்ளலாமே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குரூப்பைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, More, Export chat, Without media என்று போனால் தேதி, நேரம், பெயர் எல்லாம் வரிக்கு வரி வந்துவிடும். நீளமான பேச்சுக்கு அதுவே நல்லது. ஆனால் அந்தப் பைலில் எந்தச் செய்திக்கு எது பதில் என்ற மேற்கோள் பெட்டி வராது. நம் உதாரணத்தில் "டீக் ஹை" வெறுமனே நிற்கும். எனவே இரண்டையும் வாங்குங்கள். நேரத்துக்குப் பைலையும், பதில் எதற்கு என்பதற்குப் படத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

அழிக்கப்பட்ட செய்தி, Edited என்ற குறி ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். 2023 மே மாதம் முதல் வாட்ஸ் அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த முடிகிறது. முதலில் 2000 என்று இருந்து 2500 ஆகியிருக்கலாம். அந்தக் குறி இருந்தால் பட்டியலிலும் "திருத்தப்பட்டது" என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பட்டியல் வேலைக்கு உதவும், வழக்குக்குச் சான்று ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. ஆகவே படத்தின் மேல் கோடு போடாமல், வெட்டாமல் அசலைத் தனியாக வைத்திருங்கள். ஏஜென்டிடமும் மூல சாட்டை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

ஆறு செய்திக்கு இவ்வளவு வேலையா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண வீட்டு அரட்டைக்கு இது தேவையில்லை. எண்ணிக்கை, பணம், தேதி மூன்றில் ஒன்று படத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். பழகிவிட்டால் பத்து நிமிட வேலைதான். பட்டியலை முடித்ததும் அதிலுள்ள இரண்டு கேள்விகளையும் ஏஜென்டுக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு பிளேட் போடச் சொல்லுங்கள்.