நிரந்தரமாகச் சேவை செய்ய வருகிறேன் என்று எழுதாதீங்க

தை பிறந்தால் எங்க பக்கம் இரண்டு விஷயம் கிளம்பும். ஒன்று அறுவடை மெஷின். இன்னொன்று நேரடி நெல் கொள்முதல் நிலைய வேலைக்கு மனு எழுதித் தரச் சொல்லி வருகிற கூட்டம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பருவகால பட்டியல் எழுத்தர், பருவகால உதவுபவர், பருவகால காவலர் என்று ஆள் எடுக்கும். அண்மைய அறிவிப்புகளில் எழுத்தருக்கு அறிவியல், விவசாயம், பொறியியல் மாதிரி ஒரு பட்டம் கேட்டார்கள். உதவுபவருக்கு பன்னிரண்டு, காவலருக்கு எட்டாம் வகுப்பு.

'பருவகால' என்ற வார்த்தை பதவியின் பெயரிலேயே இருக்கு, கவனிச்சீங்களா? ஆனால் என் கைக்கு வருகிற மனுக்களில் பத்துக்கு எட்டு, "தங்கள் கழகத்தில் நிரந்தரமாகப் பணியாற்றும் வாய்ப்பை வழங்கி..." என்றுதான் முடியும். யாரோ ஒரு மகானுபாவர் சொல்லிக் கொடுத்திருக்கார்: "கொஞ்ச நாள்தான் வருவேன்னு சொல்லிடாதே, எடுக்க மாட்டான். எப்பவும் ரெடின்னு எழுது, உள்ளே போயிட்டா பெர்மனன்ட் ஆயிடலாம்." இந்த யோசனையைத்தான் இந்தப் பதிவில் கிழிக்கப் போறேன்.

நிலையத்தில் என்ன நடக்குதுன்னு தெரிந்தால் ஏன்னு புரியும். விவசாயி நெல்லைக் கொண்டு வந்து கொட்டுகிறார். ஈரப்பதம் பார்க்கிறார்கள், வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். தூற்றி, 40 கிலோ சிப்பமாக எடை போட்டு, தைத்து, அட்டி போடுகிறார்கள். எழுத்தர் பட்டியல் போட, பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகும். லாரி வந்தால் மூட்டை கிடங்குக்குப் போகும். வராவிட்டால்?

அங்கேதான் சிக்கல். 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 1000 சிப்பம், அதாவது 40,000 கிலோ, வெயிலில் கிடந்து 15 சதவீதத்துக்குக் காய்கிறது என்று வையுங்க. நெல்லில் ஈரம் போக மிச்சம் 33,200 கிலோ. அது மொத்தத்தில் 85 சதவீதமாக இருக்கணும்னா மொத்த எடை 39,059 கிலோ. ஏறக்குறைய 941 கிலோ, அதாவது 23 சிப்பத்துக்கு மேல், யாரும் திருடாமலேயே காணாமல் போயிடுது. 2025-26 பருவத்தில் தமிழக அரசு கொடுத்த விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய். அந்தக் கணக்கில் இது 24,000 ரூபாய்க்குச் சற்றே குறைவு. இயற்கையாக எவ்வளவு காயும், அதற்கு மேல் எவ்வளவு குறைந்தது என்கிற கேள்வி வரும்போது, எந்தத் தேதியில் என்ன ஈரத்தில் வாங்கினோம், எப்போது எவ்வளவு ஏற்றினோம் என்று பதில் சொல்ல வேண்டிய ஆள் எழுத்தர்தான்.

இப்போ சொல்லுங்க, மாசி நடுவில் வேறு வேலை கிடைத்ததும் ரெஜிஸ்டரை மேஜை மேல் வைத்துவிட்டுக் கிளம்புகிற "எப்பவும் ரெடி" ஆசாமி வேணுமா, இல்லை தேதி சொல்லி வந்து கடைசி லாரி போகிற வரைக்கும் நிற்கிற ஆள் வேணுமா? பாதியில் வந்து பொறுப்பெடுக்கிறவர் முன்னவர் வாங்கிய ஈரத்துக்குக் கையெழுத்துப் போட யோசிப்பார். எண்ணிக்கை முடியும்வரை வரிசையில் விவசாயி காத்துக் கிடப்பார். மழை வந்தால் முளைக்கிறது அவருடைய நெல்தான்.

ஆக, 'கொஞ்ச நாள்தான் வருவேன்' என்பது குறையே இல்லை. அந்தக் கொஞ்ச நாள் எது, அது பருவத்தின் கடைசி வரை மூடுகிறதா என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

ஒரத்தநாடு பக்கத்துத் தம்பி ஒருத்தன், பி.எஸ்சி. வேதியியல். உரக்கடையில் கணக்கு எழுதுகிறான். அவன் கொண்டு வந்த மனுவில் "கடின உழைப்பாளி", "குழுவாகப் பணியாற்றும் திறன்" எல்லாம் இருந்தது. உரக்கடையைப் பற்றி ஒரு வரி இல்லை. "அதைச் சொன்னா இவனுக்கு ஏற்கெனவே வேலை இருக்குன்னு தள்ளிடுவாங்கண்ணே" என்றான். அட, அதுதானடா உன் சொத்து! ஆனியில் குறுவைக்கு ஆரம்பித்து, சம்பா மேலுரம் முடிகிற மார்கழி வரைக்கும்தான் உரக்கடையில் கூட்டம். மூட்டை கொள்முதலுக்கு வருகிற மாசங்களில் கடை தூங்கும். அவனுடைய காலண்டரும் நிலையத்தின் காலண்டரும் சாவியும் பூட்டும் மாதிரி.

கடைசியில் எழுதியது இதுதான்: "ஜனவரி 5 முதல் மே 15 வரை முழு நேரமும் வர இயலும். ஜூன் முதல் டிசம்பர் வரை உரக்கடையில் பணி, ஆகவே குறுவைக் கொள்முதலுக்கு வர இயலாது. மூட்டை இருப்புப் பதிவேடும் பட்டியலும் நான்கு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். கடை உரிமையாளரின் சம்மதக் கடிதம் இணைத்துள்ளேன். எங்கள் கடை வாடிக்கையாளர்கள் நெல் போடும் நிலையம் தவிர வேறு வட்டாரத்தில் பணி வழங்கினால் நலம்."

'வர இயலாது' என்பதை எடுத்துவிடச் சொல்லி அவன் கெஞ்சினான். நான் விடலை. இரண்டு பருவத்துக்கும் ஒரே ஆள்தான் வேணும்னு நினைக்கிற அதிகாரி இவனை ஒதுக்கலாம், நிஜம்தான். ஆனால் புரட்டாசியில் கூப்பிட்டு வராமல் போனால் தையிலும் கூப்பிட மாட்டார்கள்.

கடைசி வரிதான் எனக்குப் பிடிச்சது. உரக்கடைக்காரர் கடன் கொடுத்திருப்பார், அறுவடையில்தான் வசூல். அவர் ஆளே கொள்முதல் மேஜையில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? அதை அவர்கள் கேட்பதற்கு முன்னாடி இவனே சொல்லிட்டான். ஏன் மே 15 என்றால், வாங்குவது நின்ற பிறகும் அட்டி காலியாக நாளாகும். ஏப்ரலோடு கிளம்புகிறவன் மேலே சொன்ன 23 சிப்பத்தை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போகிறான்.

இதெல்லாம் மனுவோடு ஒரு பக்கக் கடிதமாகப் போகணும், நேர்காணல் இருந்தால் வாயாலும் வரணும். மதிப்பெண், வயது, இடஒதுக்கீடு இதையெல்லாம் இந்தக் கடிதம் மாற்றாது. தகுதி இல்லாதவனை உள்ளே தள்ளவும் தள்ளாது.

"அப்போ நிரந்தரம் கேட்பதே தப்பா?" என்று தோழர்கள் சண்டைக்கு வருவார்கள். வருஷக்கணக்கா பருவத்துக்குப் பருவம் வேலை பார்த்தவர்கள் சங்கம் வைத்துக் கேட்பது வேற, அது அவர்கள் நியாயம். முதல் மனுவிலேயே அதைக் கேட்பது வேற. முறையான தேர்வு வழியாக வராத தற்காலிகப் பணியாளருக்கு, நீண்ட காலம் வேலை பார்த்தார் என்பதாலேயே நிரந்தரம் கேட்கும் உரிமை வராது என்று 2006ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. "உள்ளே போயிட்டா பெர்மனன்ட்" என்று சொல்லிக் காசு கேட்கிற புரோக்கரிடம் இந்தத் தீர்ப்பைக் கேட்டுப் பாருங்க, முகம் மாறும்.

சொந்த நிலம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்க வயல் அறுப்பும் இதே தையில்தான் வரும். மெஷின் விட்டால் ஒரே நாளில் முடியும்னா அதை எழுதுங்க. அப்பாவுக்குத் துணைக்கு பத்து நாள் நிற்கணும்னா அதற்குப் பிந்தைய தேதியிலிருந்து வருவேன்னு எழுதுங்க. குரூப் 4 எழுதப் போறவங்க தேர்வு நாளையும் குறிப்பிடுங்க. ஒரு நாளைக்கு மாற்று ஆள் போட அவர்களால் முடியும், முதல் நாளே தெரிந்திருந்தால்.