காலாவதி மாத்திரை: பில்லும் பேட்ச் எண்ணும் ஒத்துப்போனால்தான் புகார் நிற்கும்!

சேலம்:
மெடிக்கலில் மருந்து வாங்குகிறவர்களில் பலர் பார்ப்பது விலையை மட்டும்தான். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் தேதியை வீட்டுக்கு போன பிறகு யாராவது சொன்னால்தான் பார்க்கிறார்கள். தேதி முடிந்திருந்தால் கடைக்கு ஓடிப்போய் சண்டை போடுகிறார்கள். கடைக்காரரும் "தெரியாம வந்திடுச்சுங்க, குடுங்க மாத்தி தந்துடறேன்" என்று பழைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு புது அட்டையை நீட்டுகிறார். விவகாரம் அதோடு முடிந்து விடுகிறது.

அந்த நிமிடத்தில் கைமாறுவது வெறும் மாத்திரை அல்ல, புகாருக்கு இருந்த ஒரே ஆதாரம். அதை திருப்பிக் கொடுத்த பிறகு எந்த அதிகாரியிடம் போய் நின்றாலும் பேச்சு எடுபடாது.

2010-ல் நடந்தது என்ன?

காலாவதி மருந்து விவகாரம் தமிழகத்தை உலுக்கியது 2010 மார்ச் மாதத்தில்தான். சென்னை கொடுங்கையூர் குப்பை மேட்டில் கொட்டப்பட்ட காலாவதி மருந்துகளை பொறுக்கி எடுத்து, தேதியை மாற்றி, மறுபடியும் விற்பனைக்கு விட்ட கும்பல் சிக்கியது. பலர் கைதானார்கள். மாநிலம் முழுக்க மருந்து கடைகளிலும் குடோன்களிலும் சோதனை நடந்தது.

அந்த சம்பவம் ஒரு உண்மையை காட்டியது. அட்டையில் இருக்கும் தேதியை மட்டும் நம்ப முடியாது. தேதியை அழித்து புதுசு அடித்தால் வாங்குகிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் பேட்ச் எண் அப்படி அல்ல. ஒரே நேரத்தில் தயாரான ஒரு தொகுதி மருந்துக்கு கம்பெனி கொடுக்கும் எண் அது. அந்த தொகுதி எந்த மாதம் தயாரானது, எப்போது காலாவதி, எந்த மொத்த வியாபாரிக்கு போனது என்று கம்பெனி கணக்கில் இருக்கும். அட்டையில் ஒரு தேதி, கம்பெனி கணக்கில் வேறு தேதி என்றால் குட்டு உடைந்து விடும். மருந்து ஆய்வாளர்கள் முதலில் பேட்ச் எண்ணை கேட்பது இதனால்தான்.

கடையில் எப்படி தங்குகிறது?

எல்லா கடைக்காரரும் வேண்டுமென்றே விற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. சேலம், நாமக்கல் பக்கம் சின்ன ஊர் மெடிக்கல்களில் முழு அட்டை வாங்குகிறவர்கள் குறைவு. "நாலு மாத்திரை குடுங்க" என்றுதான் கேட்பார்கள். பத்து மாத்திரை அட்டையை வெட்டி நாலு கொடுத்தால் ஆறு மிச்சம். முழு அட்டையாக இருந்தால் காலாவதி ஆனதும் மொத்த வியாபாரி வழியாக கம்பெனிக்கு திருப்பி அனுப்பி கணக்கில் கழித்துக் கொள்ளலாம். வெட்டிய அட்டையை திருப்பி எடுப்பதில் தகராறு வரும். அது டப்பாவிலேயே கிடக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தை முதலில் வெட்டிக் கொடுத்து விட்டால், மிச்சமிருக்கும் துண்டுக்கு வயது என்ன என்று கடைக்காரருக்கே தெரியாது. விவரம் தெரிந்த மருந்தாளுனர் எதிர் ஓரத்தில் இருந்துதான் வெட்டுவார். தேதி இல்லாத வெட்டுத் துண்டை யார் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது.

சட்டம் சொல்வது என்ன? 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 65-வது விதிப்படி காலாவதி மருந்தை விற்கவும் கூடாது, விற்பனை சரக்கோடு சேர்த்து வைக்கவும் கூடாது. திருப்பி அனுப்பும் வரை தனியாக கட்டி, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி வைக்க வேண்டும். மீறினால் 1940-ம் ஆண்டு மருந்து சட்டத்தில் ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், 20 ஆயிரம் ரூபாய்க்கு குறையாத அபராதமும் உண்டு. இந்த பிரிவு குற்றத்தை 2023-ல் வந்த திருத்தம் சமரச கட்டணம் கட்டி முடிக்கக்கூடிய பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே எல்லா வழக்கும் சிறை வரை போகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் லைசென்சை நிறுத்தி வைக்கும் அதிகாரமும், ரத்து செய்யும் அதிகாரமும் துறைக்கு தனியாக இருக்கிறது. கடைக்காரர்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்.

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம்

உதாரணத்துக்கு ராசிபுரத்தில் ஒரு பெரியவர் 2025 ஆகஸ்ட் 12-ந் தேதி பி.பி. மாத்திரை ஒரு அட்டை வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். பில் எண் 2417. அட்டையில் பேட்ச் எண் 4071, காலாவதி 06/2025.

முதல் கேள்வி, எந்த நாளோடு காலாவதி? மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும் என்பது விதி. அதாவது ஜூன் 30 வரை அது நல்ல மருந்து. ஜூன் 28-ல் வாங்கியிருந்தால் புகாருக்கு இடமில்லை. ஆகஸ்ட் 12-ல் விற்றது 43 நாள் கழித்து. தப்பு தெளிவாக இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, பில்லில் என்ன இருக்கிறது? பி.பி. மாத்திரை டாக்டர் சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. அதை கொடுக்கும்போது தயாரித்த கம்பெனி, பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் பதிவாக வேண்டும். பில்லிலும் 4071 என்று இருந்தால் கடைக்காரர் தப்பிக்க வழி ரொம்ப குறைவு.

ஆனால் பல சமயம் பில்லில் வேறு எண் இருக்கும். கம்ப்யூட்டரில் மருந்தின் பேரை அடித்தால் கையிருப்பில் உள்ள பேட்ச்கள் வரிசையாக வரும். அவசரத்தில் ஊழியர் முதலில் தெரிவதை தட்டி விடுவார். கையில் எடுத்துக் கொடுப்பது வேறு அட்டையாக இருக்கும். பில்லில் 5120, அட்டையில் 4071. இப்போது கடைக்காரர் "இது எங்க கடை மாத்திரையே இல்லைங்க, நாங்க குடுத்தது 5120" என்பார். புகார் அங்கேயே ஆடிப்போகும்.

அப்படி ஆனாலும் கதை முடிந்து விடவில்லை. ஆய்வாளர் மொத்த வியாபாரியின் கொள்முதல் பில்லை எடுத்து பார்ப்பார். அந்த கடை 4071 பேட்சில் 10 அட்டை வாங்கியிருக்கிறது, 9 விற்றதாக கணக்கு, ஒன்று கையிருப்பில் இருப்பதாக கம்ப்யூட்டர் சொல்கிறது, அலமாரியில் அது இல்லை என்றால், அந்த ஒன்று எங்கே போனது என்று கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். 5120-ல் ஒரு அட்டை கணக்குக்கு மேல் கூடுதலாக இருந்தால் இன்னும் வசமாக மாட்டிக் கொள்வார். பேட்ச் எண் இல்லாத புகாரில் இந்த சோதனையை செய்யவே முடியாது.

புகார் கடிதத்தில் என்ன எழுதணும்?

மாத்திரையை சாப்பிடாமல், அட்டையை திருப்பிக் கொடுக்காமல் அப்படியே கவரில் போட்டு வைக்க வேண்டும். பில்லோடு சேர்த்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக் கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் பில் சில மாதத்தில் வெளுத்து விடும் என்பதால் ஜெராக்ஸ் அவசியம்.

முதல் கடிதம் கடைக்கு. நீளமாக திட்டி எழுத வேண்டியதில்லை. "தங்கள் கடையில் 12.8.2025 அன்று பில் எண் 2417-ல் வாங்கிய இந்த மாத்திரையின் பேட்ச் எண் 4071, காலாவதி 06/2025. இதே பேட்ச் சரக்கு கடையில் எவ்வளவு இருக்கிறது, யாரிடம் வாங்கியது என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்று நாலு வரி போதும். நகல் கொடுத்தால் போதும், அசல் எதையும் கொடுக்கக் கூடாது.

அதே நாளில் இரண்டாவது கடிதம் மருந்து கட்டுப்பாட்டு துறைக்கு போக வேண்டும். கடை பதிலுக்கு காத்திருந்தால் அலமாரி சுத்தமாகி விடும். மருந்து கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம், நேரில் கொடுத்து சீல் வாங்கலாம். சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள இயக்குநரகத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம். இதில் கடையின் பெயர், முகவரி, பில்லில் இருக்கும் லைசென்ஸ் எண், பில் எண், தேதி, மருந்தின் பெயர், தயாரித்த கம்பெனி, பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், விலை ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். டாக்டர் சீட்டின் நகலும் சேர்த்தால் நல்லது.

அதன் பிறகு?

ஆய்வாளர் கடைக்கு வந்து அதே பேட்ச் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் பறிமுதல் செய்யலாம், அல்லது 20 நாள் வரை விற்கக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு போடலாம். சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்து அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்.

இங்கே ஒன்றை மனசில் வைக்க வேண்டும். புகார்தாரர் கையில் இருக்கும் பிரித்த அட்டை துப்பு கொடுக்கும். ஆனால் கோர்ட்டில் நிற்கும் மாதிரி என்பது ஆய்வாளர் கடையில் முறைப்படி எடுப்பதுதான். அதனால்தான் புகார் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பலம் குறைகிறது. சரக்கு கிடைக்காவிட்டால் பில்லும் கொள்முதல் கணக்கும் மட்டுமே பேசும்.

மருந்து துறை கடை மீது நடவடிக்கை எடுக்குமே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கூட வாங்கித் தராது. நஷ்டஈடு வேண்டும் என்றால் சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு தனியாக போக வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் மனு போடணும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அங்கும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

காலாவதி மாத்திரை சாப்பிட்டதும் விஷம் ஆகி விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான மருந்துகளில் நடப்பது வேறு. வீரியம் குறைகிறது. பி.பி. மாத்திரையை தினமும் போட்டும் பிரஷர் இறங்காது, இன்சுலின் போட்டும் சர்க்கரை குறையாது. நோயாளியோ மருந்துதான் சாப்பிடுகிறோமே என்று நிம்மதியாக இருப்பார். உடம்பில் வித்தியாசம் தெரியும்போது அட்டை குப்பைக்கு போயிருக்கும், பில்லும் இருக்காது.

கடை கவுண்ட்டரை விட்டு நகருவதற்கு முன்பு பில்லில் உள்ள பேட்ச் எண்ணையும் அட்டையில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். எண் மாறியிருந்தால் "அண்ணா, பில்லை மாத்திக் குடுங்க" என்று அங்கேயே கேட்டு வாங்கி விடலாம். கண் பார்வை மங்கிய பெரியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.