முக்கித் தீர்வதில்லை

‘இன்னும் கொஞ்சம் உள்ளே நிற்கிறது’ என்று தோன்றினால், அது வரும்வரை முக்கிவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். தவறான சட்டம். நிற்பது பல வேளைகளில் மலமே அல்ல.

மலக்குடல் சுவரின் நரம்புகளுக்கு, சுவர் விரிகிறது, அழுந்துகிறது என்பதுதான் தெரியும். விரிப்பது மலமா, வீங்கிய மூலமா, அழற்சியில் தடித்த உட்சவ்வா, கட்டியா என்று பிரித்தறிய அவற்றால் ஆகாது. எதுவானாலும் ‘இன்னும் இருக்கிறது’ என்றே சொல்லும். சீதபேதி கண்டவர்களுக்கு இது தெரியும்: உள்ளே ஒன்றுமில்லாதபோதும் கக்கூஸுக்கு ஓட வைக்கும்.

அடுத்தது தசை. மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தை ஒரு தசை பின்னாலிருந்து வளைத்து, கவண் வார்போல முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால் பாதை அங்கே மடிந்திருக்கும். அந்தத் தசை தளர்ந்தால்தான் மடிப்பு நிமிரும். சிலருக்கு முக்கும்போது அது தளராமல் இன்னும் இறுகுகிறது. கதவைப் பூட்டிக்கொண்டே தள்ளுகிறார்கள், பாவம். மருத்துவர் விரலை வைத்து ‘முக்குங்கள்’ என்றால் இறுக்கம் தெரிந்துவிடும். 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை வெளியேற்றச் சொல்லியும் பார்ப்பார்கள். பெரும்பாலோர் ஒரு நிமிடத்துக்குள் தள்ளிவிடுவார்கள்; இவர்களால் முடியாது.

தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து முக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அழுத்தத்தில் மலக்குடலின் உட்சவ்வு மெல்லக் கீழே சரிந்து, ஆசனவாயின் வாசலில் மடிந்து நிற்கிறது. நரம்புகள் அதையும் மலம் என்றே சொல்கின்றன. அவர் அதை வெளியேற்ற முக்குகிறார். அதாவது தன் குடலையே தள்ளுகிறார். உரசலிலும் ரத்த ஓட்டக் குறைவிலும் முன்சுவரில் புண் உண்டாகிறது. ரத்தமும் சளியும் வருகின்றன. மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவுகிறார், பேதி மாத்திரை போடுகிறார். புண் ஆறுவதில்லை, காரணம் அப்படியே இருக்கிறதே. பல ஆண்டுகள் இப்படியே போனால் இடுப்படித் தளம் தொய்ந்து, ஆசனவாயை இறுக்கும் தசைக்குப் போகும் நரம்பும் இழுபட்டு நலியும்.

இவருக்கு முதல் வைத்தியம் முக்குவதை விடுவதுதான். நார்ச்சத்தும் தண்ணீரும், தேவைப்பட்டால் மலமிளக்கியும் மலத்தை இளக்கும். மேற்கத்தியக் கழிப்பறையானால் காலடியில் சிறு முக்காலி வைத்து முழங்காலை உயர்த்தலாம். ஐந்து பத்து நிமிடத்தில் வராததை விட்டு எழ வேண்டும். உந்துதல் திரும்ப வரும், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பின். தசை இறுகுபவருக்கு, அதன் இறுக்கத்தைத் திரையில் காட்டித் தளரப் பழக்கும் ‘பயோஃபீட்பேக்’ பயிற்சி பேதி மாத்திரையைவிட நன்றாகவே பலன் தருகிறது.

ஆனால் நாற்பத்தைந்து தாண்டிய ஒருவருக்கு இந்த உணர்வு புதிதாக வந்திருந்தாலோ, இந்த இளைஞருக்குப் போல எந்த வயதிலும் ரத்தமோ, எடைக்குறைவோ ரத்தசோகையோ சேர்ந்திருந்தாலோ, மருந்துக்கடை மாத்திரையில் நாளைக் கடத்தக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது மலக்குடலில் கட்டி இருக்கிறதா என்பதை.