99.9 சதவிகிதம் என்றால் எத்தனை நிமிடம்?

ஈரோடு மாவட்டத்தில் மஞ்சள்தூளும் மரச்செக்குக் கடலை எண்ணெயும் விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஆர்டர் எடுக்கும் வெப்சைட்டை அவர்கள் கிளவுட் சர்வருக்கு மாற்றப் போகிறார்கள். மாத வாடகை 1,800 ரூபாய். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களில் 'எஸ்.எல்.ஏ.' என்று நாலு பக்கம் சேர்ந்து வந்திருக்கிறது. 99.9 சதவிகிதம் அப்டைம், தவறினால் சர்வீஸ் கிரெடிட் என்று அதில் எழுதியிருக்கிறது. 'அப்படியானால் வெப்சைட் நின்றுபோனால் நஷ்டஈடு கிடைக்கும், இல்லையா?' என்று கேட்கிறார் இயக்குநர்.

கிடைக்காது. கிடைப்பது வாடகையில் ஒரு தள்ளுபடி மட்டும்தான். விற்காமல் போன எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கையெழுத்துப் போடுமுன் இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதி நாலு பக்கமும் எளிதாகப் புரியும்.

அப்டைம் என்பது சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். அதைச் சதவிகிதத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நிமிடமாக மாற்ற வேண்டும். 30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம். 99.9 சதவிகிதம் என்றால் அதில் 43 நிமிடம் நிற்கலாம், ஒப்பந்தத்தை மீறியதாகாது. 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். 99 என்றால் 7 மணி 12 நிமிடம். தாளில் அருகருகே இருக்கும் இந்த எண்களுக்கு நடுவே அரை நாள் வியாபாரமே போய்விடும்.

இன்னொன்று, இது மாதம் முழுவதற்குமான கணக்கு. நிற்கும் அந்த நிமிடங்கள் எப்போது வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆண்டு மழையளவு சராசரியை எட்டியும், பால் பிடிக்கும் சமயத்தில் மழை இல்லாமல் கதிர் பதராவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவு 2 மணிக்கு நின்ற 40 நிமிடமும், பொங்கலுக்கு முந்தைய வாரம் இரவு 8 மணிக்கு நின்ற 40 நிமிடமும் எஸ்.எல்.ஏ. கணக்கில் ஒன்றுதான்.

இந்த நிறுவனத்தின் தாளில் உள்ள கிரெடிட் படிகள் இவை. மாத அப்டைம் 99.9-க்குக் கீழே போய் 99 வரை இருந்தால் அந்த மாத வாடகையில் 10 சதவிகிதம். 99-க்கும் கீழே போய் 95 வரை இருந்தால் 25 சதவிகிதம். அதற்கும் கீழே என்றால் 50 சதவிகிதம்.

ஜனவரியில் ஒரு நாள் மாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை சர்வர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே மாதம் இன்னொரு நாள் இரவு பராமரிப்புக்காக 2 மணி நேரம் நிறுத்தினார்கள். மொத்தம் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். 31 நாள் மாதத்துக்கு 44,640 நிமிடம் என்பதால் அப்டைம் 98.92 சதவிகிதம் வருகிறது. 25 சதவிகிதப் படி, 450 ரூபாய் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

வராது. முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரம் கணக்கில் சேராது என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த 2 மணி நேரத்தைக் கழித்தால் 360 நிமிடம்தான் மிச்சம். அப்டைம் 99.19 சதவிகிதமாக ஏறிவிடுகிறது. 10 சதவிகிதப் படி, 180 ரூபாய். அதுவும் பணமாக வராது, அடுத்த பில்லில் கழிப்பார்கள். அந்த மாலையில் மணிக்கு 6 ஆர்டர், ஆர்டருக்கு 600 ரூபாய் என்று வைத்தால் தவறிய வியாபாரம் 21,600 ரூபாய். முளைக்காத விதைக்குப் பதில் இன்னொரு பை விதை கொடுத்தால் அந்தப் பட்டம் திரும்ப வராதது போலத்தான் இதுவும்.

பராமரிப்பைத் தவிர வேறு விலக்குகளும் உண்டு. வெப்சைட் செய்து கொடுத்தவர் புதிதாக எதையோ ஏற்றி அது நின்றால் சர்வர்காரர் பொறுப்பில்லை. பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே நின்றாலும் அப்படியே. சர்வர் ஓடுகிறது, ஆர்டர் மட்டும் விழவில்லை என்றால் அப்டைம் 100 சதவிகிதம் என்றே எழுதுவார்கள்.

விளம்பரத்தில் உள்ள பெரிய எண் எதற்கு உரியது என்பதையும் பார்க்க வேண்டும். அமேசானின் இ.சி.2 சர்வர் வாடகையையே எடுத்துக்கொண்டால், அதன் எஸ்.எல்.ஏ.வில் இரண்டு எண்கள் உண்டு. 99.99 என்பது ஒன்றுக்கு மேற்பட்ட மையங்களில் சர்வர்களைப் பரப்பி வைத்திருப்பவர்களுக்கு. ஒற்றைச் சர்வருக்கு 99.5 மட்டுமே. பயிர்க் காப்பீட்டில் பிர்கா அளவு மகசூல் வேறு, தன் வயலின் மகசூல் வேறு என்று இருப்பதைப் போல. 1,800 ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் ஒற்றைச் சர்வர்தான்.

கிரெடிட் தானாக வராது, கேட்டால்தான் வரும். அதற்கும் கெடு உண்டு. ஆலங்கட்டி மழை சேதத்தை 72 மணி நேரத்துக்குள் சொல்லாமல் காப்பீட்டை இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இங்கே கெடு அவ்வளவு குறுகியதில்லை. இந்தத் தாளில் 30 நாள். ஆனால் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, எப்போது திரும்ப வந்தது என்ற பதிவு கேட்பவர் கையில் இருக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்சைட்டைத் தொட்டுப் பார்த்து, நின்றால் செய்தி அனுப்பும் இலவசச் சேவைகள் உள்ளன. வெப்சைட் செய்பவரிடம் சொன்னால் அரை மணியில் வைத்துத் தருவார். சர்வர்காரரின் பதிவுகள் பெரும்பாலும் யு.டி.சி. நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். மாலை 5 மணிக்கு நின்றது அங்கே 11:30 என்று இருக்கும். இது தெரியாமல் 'நாங்கள் சொன்ன நேரத்தில் பதிவே இல்லையே' என்று பலர் கோரிக்கையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது இதைவிட முக்கியம். வெப்சைட் செய்பவர் தன் பெயரில் சர்வர் எடுத்து நிறுவனத்துக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தால், ஒப்பந்தம் அவருக்கும் சர்வர்காரருக்கும்தான். கிரெடிட் அவருடைய பில்லில்தான் கழியும். அவரோடு சண்டை வந்தால் சர்வரும் அவரிடம்தான். கணக்கை உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரிலும் மின்னஞ்சலிலும் திறக்கச் சொல்வது நல்லது.

கூடுதல் பணம் கொடுத்து 99.99 வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு இரண்டு மையங்களில் இரண்டு சர்வர் வேண்டும், வாடகை இரட்டிப்பாகும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். இந்த அளவு வியாபாரத்துக்கு அது தேவையில்லை. 99.9 போதும். பராமரிப்பை இரவு 12 மணிக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும், 3 நாள் முன்பே மின்னஞ்சலில் சொல்ல வேண்டும் என்ற இரண்டு வரிகளைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். உள்ளூர் நிறுவனமாக இருந்தால் சில சமயம் ஒப்புக்கொள்வார்கள். பெரிய நிறுவனம் அச்சடித்த தாளை மாற்றாது.

மிச்சமாகும் பணத்தில் ஆர்டர் பட்டியலை தினமும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்கலாம். அப்டைம் உத்தரவாதத்தில் தகவல் அழிந்துபோவது சேராது. வாட்ஸ்அப் எண்ணை வெப்சைட்டில் மட்டும் போட்டால் அது நிற்கும்போது எண்ணும் சேர்ந்தே மறைந்துவிடும். எண்ணெய் பாட்டில் லேபிளிலும் மஞ்சள்தூள் பாக்கெட்டிலும் அச்சடிப்பதே சரி. அடுத்த முறை லேபிள் அடிக்கக் கொடுக்கும்போது இதைச் சேர்த்துவிடலாம்.